வானம் திறந்திருக்கு, கவுண்டர் மூடியிருக்கு

நாகர்கோவிலில் ஒரு செல்போன் கடை. உள்ளே மீன் கம்பெனி ஐஸ் அறையைத் தோற்கடிக்கும் குளிர். பள்ளியில் என்னோடு படித்த சின்னத்துறைக்காரன் ஒருவன், சுறாவுக்கும் சூரைக்கும் தங்கல் தொழில் போகிறவன், மகன் நச்சரித்ததால் புது போன் பார்க்க வந்திருந்தான். துணைக்கு நான். படகு ஏறினால் அவன் திரும்பிவரப் பத்து நாள் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். கரையை விட்டுச் சில மணி நேரத்தில் போனில் டவர் செத்துவிடும். அதன்பிறகு அந்த போன், பாட்டுக் கேட்கும் பெட்டி.

விற்பனைப் பையன் லட்ச ரூபாயைத் தொடும் போன் ஒன்றைப் பட்டுத்துணியில் வைத்து நீட்டினான். "இதுல சாட்டிலைட் இருக்கு அண்ணே. டவர் இல்லாட்டியும் மெசேஜ் போவும். நடுக்கடல்லயும் போவும்." என்னை சார் என்றான், அவனை அண்ணே என்றான். பேண்ட் போட்டவனுக்கு ஒரு பதவி, கைலி கட்டியவனுக்கு ஒரு பதவி. விலை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்.

நண்பன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "தம்பி, புயல் வருதுன்னா இது மணியடிக்குமா?"

பையன் சிரித்தான். கேமராவைக் காட்ட ஆரம்பித்தான்.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் சொன்னான். இந்த வகை போன்களுக்கு உலகம் முழுக்க வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பனிமலையில் ஒருத்தி கால் பிசகி விழுவாள், போனை வானத்துக்குக் காட்டுவாள், அடுத்த காட்சியில் ஹெலிகாப்டர். நடுவில் என்ன நடந்தது என்பதை எந்த விளம்பரமும் காட்டாது. நடந்ததைக் காட்டினால் போன் விற்காது.

நடப்பது இதுதான். ஆப்பிள் நிறுவனம் 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்தச் சேவையைத் தொடங்கியது. போன் பேசுவது குளோபல்ஸ்டார் என்ற நிறுவனத்தின் செயற்கைக்கோள்களோடு. அவை சுமார் 1,400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிவரும் தூரம், ஆனால் செங்குத்தாக மேலே. உங்கள் போன் அனுப்பும் அலையின் பலமோ அரை வாட்டுக்கும் கீழே, பூஜையறை மினுக்கு பல்பைவிடக் கம்மி. ஊர்த் தெருவில் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவருக்குக் கேட்கும் அந்த முனகல், 1,400 கிலோமீட்டர் மேலே, நொடிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டிக்குக் கேட்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போக பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. அந்தப் பெட்டிக்கு மூன்று நொடி.

ஆகவே பேச்சு கிடையாது, படம் கிடையாது. எழுத்து மட்டும்தான், அதுவும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிய எழுத்து. போனைப் பையில் வைத்துக்கொண்டு அனுப்ப முடியாது. கையில் பிடித்து, திரையில் வரும் குறி காட்டும் பக்கம் உடம்பையே திருப்ப வேண்டும். செயற்கைக்கோள் நகர நகர நீங்களும் திரும்ப வேண்டும், கோயில் பிராகாரத்தில் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிற மாதிரி. வானம் நன்றாகத் திறந்திருந்தால் ஒரு செய்தி போக ஏறக்குறைய 15 நொடி. மேலே மரம் கவிந்திருந்தால் ஒரு நிமிடத்துக்கும் மேல். வீட்டுக்குள், குகைக்குள், காளிகேசம் மாதிரி இரண்டு மலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்துக்குள் என்றால், குறி சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்களும் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

இதெல்லாம் இயற்கை போட்ட வரம்பு. இதில் எனக்குக் கோபமில்லை. இயற்கை லஞ்சம் கேட்பதில்லை, "நாளைக்கு வாங்க" என்று சொல்வதும் இல்லை.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. அந்தச் செயற்கைக்கோள்கள் தாமாக எதையும் யோசிப்பதில்லை. கண்ணாடி வெயிலைத் திருப்பி அடிப்பதுபோல, போனிலிருந்து வந்ததைக் கீழேயுள்ள தரைநிலையத்துக்குத் திருப்பி அடிக்கின்றன, அவ்வளவுதான். எனவே உங்களையும் தரைநிலையத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிற இடத்தில் செயற்கைக்கோள் இருந்தாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் தரைநிலையம் இல்லாத கடலில் நின்றால், தலைக்கு மேலே செயற்கைக்கோள் பறந்துகொண்டிருக்கும், உங்கள் கூக்குரலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று அதற்குத் தெரியாது. நம் ஊரில் மனு வாங்கும் கவுண்டர் இருக்கும், மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி காலியாக இருக்கும். அது மாதிரி.

தரைநிலையத்துக்கு வந்த பிறகும் ஹெலிகாப்டர் தானாகக் கிளம்பாது. ஆபத்துப் பொத்தானை அழுத்தியதும் போன் சில கேள்விகள் கேட்டிருக்கும். என்ன ஆபத்து, எத்தனை பேர், யாருக்காவது காயமா? விரலால் தொட்டால் போதும் என்கிற மாதிரிப் பதில்கள். அதோடு நீங்கள் நிற்கும் இடம், உயரம், போனில் மிச்சமிருக்கும் சார்ஜ் எல்லாம் சேர்ந்து போகும். அந்தப் பகுதி அவசர உதவி மையத்தால் எழுத்துச் செய்தியை வாங்க முடிந்தால் நேரே அங்கே போகும். முடியாவிட்டால் ஓர் அறையில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்தியைப் படித்து, சாதாரண போனை எடுத்து, உங்களுக்கு அருகிலுள்ள மீட்புப் படையைக் கூப்பிட்டுப் பேசுவார். வானத்தை அளந்த இந்த அதிசயமெல்லாம் கடைசியில் இன்னொரு மனிதர் போனை எடுக்கிறாரா என்பதில் வந்து நிற்கிறது.

நம் ஊரில் அந்த அறை இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தேன். "எங்கேருந்து பேசறீங்க?" "கடல்லேருந்து." "கடல்ல எங்க?" "அட்ச ரேகை ஏழு, தீர்க்க ரேகை எழுபத்தஞ்சு." "அது எந்த ஸ்டேஷன் லிமிட்?"

சரி, இந்தியாவுக்கு வருவோம். வருவதற்கென்ன, சேவைதான் வரவில்லை. ஆப்பிள் இந்த அவசரச் சேவை கிடைக்கும் நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அமெரிக்கா, கனடாவில் தொடங்கி ஐரோப்பிய நாடுகள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் என்று அது நீண்டது. இந்தியா அதில் இல்லை. நாகர்கோவில் கடையில் பையன் நீட்டிய போனுக்குள் அந்தக் கருவி இருக்கலாம். வேலை செய்யாது. வாங்குகிறவன் மட்டும் முழுக் காசும் கொடுக்கிறான். குருடனுக்குக் கண்ணாடி விற்பது பாவமென்றால், கண்ணுள்ளவனுக்குக் கண்ணாடி விற்று அதன்மேல் கறுப்பு சாயம் பூசிக் கொடுப்பது என்ன?

யார் தடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஒருவரும் திறந்திருக்கவும் மாட்டார்கள். செயற்கைக்கோள் வழிப் பேச்சு என்றாலே நம் அரசாங்கத்துக்கு 2008 மும்பைத் தாக்குதல் நினைவுக்கு வருகிறது. வந்தவர்கள் கையில் சாட்டிலைட் போன் இருந்தது உண்மைதான். அந்த நினைவில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தின் கனம் யார் தலையில் இறங்குகிறது என்பதுதான் கேள்வி. இன்றும் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் போன்களை இந்தியாவுக்குள் வைத்திருப்பது குற்றம். மலையேறும் வெளிநாட்டார் பையில் வைத்திருக்கும் உள்ளங்கை அளவு செயற்கைக்கோள் செய்திக் கருவிகூட விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்காகியிருக்கிறது. பிரிட்டன் அரசே தன் குடிமக்களுக்கு, இந்தியாவுக்குப் போகும்போது அதைக் கொண்டு போகாதீர்கள் என்று எச்சரிக்கிறது. வழி தவறினால் கூப்பிட வைத்திருந்த கருவியாலேயே வழக்கில் மாட்டுவது நம் விருந்தோம்பலில் ஒரு தனி வகை.

தீவிரவாதி விண்ணப்பம் எழுதி அனுமதி வாங்கிக்கொண்டு வரமாட்டான். மீனவன்தான் விண்ணப்பம் எழுதுவான், எழுதிவிட்டுக் காத்திருப்பான். விண்ணப்பத்துக்கு ரசீது கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கடலுக்குப் போகலாம், நனையாத இடமாகப் பார்த்து.

இதே உலகத்தில் வேறு மாதிரியும் நடந்தது. 2024 செப்டம்பர் 26 இரவு ஹெலீன் சூறாவளி அமெரிக்காவின் புளோரிடாவில் கரையேறியது. மறுநாள் வட கரோலினாவின் மலைப்பகுதியில், ஆஷ்வில் நகரைச் சுற்றி, கடலே இல்லாத இடத்தில் வெள்ளம் ஊரைச் சுருட்டியது. மின்சாரம் போனது, கேபிள் அறுந்தது, டவர்கள் செத்தன. அதற்குப் பத்து நாள் முன்னால்தான், செப்டம்பர் 16 அன்று, ஐஓஎஸ் 18 வெளிவந்திருந்தது. அதில் அவசர உதவிக்கு மட்டுமல்ல, வீட்டாருக்கும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம். மலையுச்சி வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "உயிரோட இருக்கோம்" என்று அனுப்பியவர்கள் உண்டு. அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. முன்கூட்டியே அந்தப் புது மென்பொருளை ஏற்றி வைத்திருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. வெள்ளம் வந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்றால், ஏற்ற இணையம் வேண்டுமே. இணையம் இருந்தால் செயற்கைக்கோள் எதற்கு? டவர் இருக்கும்போதே எல்லாம் தயாராக இருந்தால்தான் டவர் இல்லாதபோது வேலை செய்யும். ஆபத்தில் அழைக்க வேண்டியவர்களின் எண், இரத்த வகை எல்லாம் போனில் நிரப்பி வைப்பதும் அப்படித்தான்.

அதே வெள்ளத்தில் இன்னொன்றும் நடந்தது. ஸ்டார்லிங்க் நிறுவனத்தின் புது வகைச் செயற்கைக்கோள்கள் சுமார் 360 கிலோமீட்டர் உயரத்தில், தாழ்வாகப் பறக்கின்றன. அவை வானத்தில் தொங்கும் டவர் மாதிரி. சாதாரண போனே அவற்றை டவர் என்று நினைத்துக் கொள்ளும். அந்தச் சேவை அப்போது மக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. ஆனாலும் வெள்ளம் வந்த சில நாட்களிலேயே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அவசர அனுமதி கொடுத்தது, எச்சரிக்கைச் செய்திகள் அதன் வழியே போயின. அமெரிக்க அரசு ஒன்றும் உத்தமர்களின் சபை அல்ல. ஆனால் ஊர் மூழ்கும்போது அங்கே கோப்பு ஓடியிருக்கிறது. நம் ஊரில் கோப்பு மட்டும் மூழ்காமல் மிதக்கும், அதுவும் அலமாரிக்குள்.

இப்போது என் நண்பனின் கேள்விக்கு வருகிறேன். புயல் வந்தால் மணியடிக்குமா?

அடிக்காது. இந்தியாவில் நாளையே திறந்துவிட்டாலும், குளோபல்ஸ்டார் வகை போன் சட்டைப்பையில் கிடந்தபடி மணியடிக்காது. நீங்கள் எடுத்து, வானத்துக்குக் காட்டி, இணைந்தால்தான் உங்களுக்கு வந்த செய்தி இறங்கும். அது நீங்கள் கூப்பிடும் கருவி, உங்களைக் கூப்பிடும் கருவி அல்ல. புயல் எப்போது வரும் என்று தெரிந்தால் அந்த நேரம் பார்த்துப் போனைத் தூக்கிப் பிடிக்கலாம். தெரிந்தால் போனே எதற்கு? (கடலில் ஜிபிஎஸ் வேலை செய்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது கேட்க மட்டும் தெரிந்த காது, அதற்கு வாய் இல்லை. கேட்பதும் இடம், நேரம் மட்டும்தான், ஊர்ச் செய்தி அல்ல.) அந்தத் தாழ்வாகப் பறக்கும் வகையில் பரவாயில்லை. தலைக்கு மேல் வானம் திறந்திருந்தால் செய்தி தானாக வந்து விழும். அமெரிக்காவில் 2025 ஜூலையில் டி-மொபைல் நிறுவனம் அதை எல்லோருக்கும் விற்கத் தொடங்கியது.

என் நண்பன் இதைக் கேட்டதற்குக் காரணம் 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் எங்கள் கடலுக்குப் பக்கத்திலேயே கருக்கொண்டு ஒரே நாளில் புயலானது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி, பூத்துறைப் படகுகள் பல அதற்கு எத்தனையோ நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் எச்சரிக்கை வாசித்தார்கள். படகிலிருந்த வயர்லெஸ்ஸுக்கு அது எட்டவில்லை. அதன் கை நீளமே சில பத்துக் கிலோமீட்டர், படகுகளோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அவர்களுக்கு வாய் இல்லாததால் சாகவில்லை, காது இல்லாததால் செத்தார்கள்.

அதன்பிறகு பெட்டிகள் வந்தன. 2019இல் கேட்க மட்டும் தெரிந்த ஒரு பெட்டி, பெயர் ஜெமினி. வானிலை எச்சரிக்கை வரும், பதில் சொல்ல முடியாது. அதற்கு முன்பிருந்தே கத்த மட்டும் தெரிந்த இன்னொரு பெட்டி உண்டு. ஆபத்தில் பொத்தானை அழுத்தினால் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியே செய்தி கரைக்குப் போகும். போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவனுக்குத் தெரியாது. பதில் காட்டும் இரண்டாம் தலைமுறைப் பெட்டி அப்புறம்தான் வந்தது. ஒருவனுக்குக் காதைக் கொடுத்து வாயைத் தைத்து, இன்னொருவனுக்கு வாயைக் கொடுத்துக் காதை அடைத்து, இருவரையும் ஒரே படகில் ஏற்றி அனுப்புகிற இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவர் கடலுக்குப் போனவர் இல்லை. திட்ட அறிக்கை எழுதியவர்.

இருவழியும் உள்ளது ஒன்று வந்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் ஆளைத் திட்டுகிறவன் மட்டும்தான் ஆவேன். 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட திட்டத்தில், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் செயற்கைக்கோள் கருவி. ஆன்டெனா படகுக் கூரையில் நின்று எப்போதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மீனவனின் சாதாரண போன் புளூடூத்தில் அதோடு சேர்ந்துகொள்ளும். செய்தி போகும், வரும். யாரும் கையைத் தூக்கிக்கொண்டு வானத்தைத் துழாவ வேண்டியதில்லை. பத்தாயிரம் ரூபாய் போனையும் கூரை மேல் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு லட்ச ரூபாய் போனால் முடியாததைச் செய்கிற யோசனை, நல்ல யோசனை. ஆடும் படகில், உப்பு நீர் சொட்டும் கையோடு, திரையில் ஓடும் குறியைத் துரத்துவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது.

என் நண்பன் படகுக் கூரையிலும் ஒரு பெட்டி இருக்கிறது. எந்தப் பெட்டி, யார் கொடுத்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. மூன்று பயணமாக அதில் விளக்கு எரியவில்லை. கொண்டுபோய்க் காட்டினான். அலுவலகத்தில் ஒருவர் பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "தண்ணி பட்டிருக்கே" என்றாராம்.

"கடல்ல போற பெட்டி சார்" என்றானாம் இவன்.

"எழுதி அனுப்பிருக்கு. வரும்."

கோபத்தில் உதைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. "விடு லே, அவரு என்ன செய்வாரு, மேல எழுதியிருக்காரு" என்றான். மேலே என்று அவன் சொன்னது வானத்தையா, சென்னையையா, தில்லியையா என்று நான் கேட்கவில்லை.

தில்லி என்றதும் இன்னொன்று. 2024 அக்டோபரில் அங்கே நடந்த கண்காட்சியில் பி.எஸ்.என்.எல்லும் வயாசாட்டும் சேர்ந்து ஒரு செயல்விளக்கம் காட்டின. சாதாரண ஆண்ட்ராய்டு போனிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியே செய்தி போய்வந்தது. கைதட்டினார்கள். நானும் செய்தியைப் படித்துவிட்டுக் கைதட்டினேன். அந்தக் கைதட்டல் 36,000 கிலோமீட்டர் போய்விட்டது. சின்னத்துறைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இத்தனைக்கும், செயற்கைக்கோள் செய்திக்கு உலகத்திலேயே தோதான இடம் கடல்தான். மரமில்லை, மலையில்லை, கட்டடமில்லை. அடிவானத்திலிருந்து அடிவானம் வரை வானம். போன் கம்பெனிகள் காட்டும் மலையுச்சிக்காரனைவிட எங்கள் கடற்காரனுக்கு வானம் தாராளம். அவனிடம் இல்லாதது வானமல்ல.

நண்பன் அந்த போனை வாங்கவில்லை. பன்னிரண்டாயிரத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டான். பையன் முகம் வாடியது, ஆனாலும் பெட்டியோடு ஒரு கண்ணாடித் தகடு இலவசமாக ஒட்டிக் கொடுத்தான். "தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆவாது அண்ணே."

அடுத்த வாரம் தேங்காப்பட்டணம் துறையிலிருந்து ஏறினான். பதினேழு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது துறையில் நின்றிருந்தேன். கரை கண்ணில் படும் முன்பே டவர் வந்துவிட்டதாம். படகிலிருந்த பன்னிரண்டு பேர் போனும் ஒரே நேரத்தில் டிங் டிங் என்று அலறியதாம். பதினேழு நாள் காலை வணக்கங்கள், பூ படங்கள், யாருடைய மகளுக்கோ சடங்கு அழைப்பு. நடுவில் பங்குக் குழுவில் வந்த ஒரு செய்தியை எனக்குக் காட்டினான். ஆறு நாளுக்கு முந்தையது. கடலில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம், ஆழ்கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்பவும். கீழே இருபது பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

"காத்து அடிச்சுதா?" என்று கேட்டேன்.

"அடிச்சுது" என்றான். கட்டைவிரலால் அவனும் ஒரு கைகூப்பும் படம் போட்டுவிட்டு, போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மீன் இறக்கப் போனான்.